எண்பத்தொரு முனைகள், ஒன்பது நிறங்கள்

2015 மே மாதத்தில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் தம் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு கணினி நிரலை வெளியிட்டார். சுடோகு புதிர்களை விடுவிக்கும் நிரல் அது. சில ஆண்டுகளுக்கு முன்பு சி++ மொழியில் அவரே எழுதியது. கேம்பிரிட்ஜில் கணிதமும் கணினி அறிவியலும் படித்தவர் என்பதால் அதில் பெரிய வியப்பு இல்லை. நிரலோடு சேர்த்து, துறை தெரிந்தவர்களுக்காக அவர் எழுதியிருந்த சிறு குறிப்புதான் சுவையானது. இந்த நிரல் பின்வாங்கித் தேடும் முறையில் இயங்குகிறது, அடுத்து எந்த அறையில் ஊகிப்பது என்று வரும்போது கிளைகள் மிகக் குறைவாகப் பிரியும் அறையைத் தேர்ந்தெடுக்கிறது என்பது அதன் சாரம்.

இந்தக் குறிப்பின் முதல் பாதி கணினி படிக்கும் எந்த மாணவருக்கும் தெரியும். இரண்டாம் பாதியில்தான் விஷயம் இருக்கிறது. அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது, சுடோகுவை எண் புதிராகப் பார்க்கும்வரை சரியாகப் பிடிபடாது. நிறப் புதிராகப் பார்த்தால் சட்டென்று விளங்கும்.

யோசித்துப் பார்த்தால் சுடோகுவில் எண்களுக்கு வேலையே இல்லை. யாரும் எதையும் கூட்டுவதில்லை, கழிப்பதில்லை. 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்களுக்குப் பதில் ஒன்பது நிறங்களைத் தந்தாலும் புதிர் அப்படியேதான் இருக்கும். ஒரே கிடைவரிசையிலோ, ஒரே நெடுவரிசையிலோ, ஒரே 3×3 பெட்டியிலோ ஒரு நிறம் இரண்டு முறை வரக்கூடாது. அவ்வளவுதான் விதி.

கணிதத்தில் இப்படிப்பட்ட சிக்கலுக்கு வயது அதிகம். 1852இல் ஃபிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர் இங்கிலாந்தின் மாவட்ட வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும்போது, எல்லையைப் பகிரும் மாவட்டங்களுக்கு ஒரே நிறம் வராமல் பார்த்துக்கொள்ள நான்கு நிறங்கள் போதும்போல் இருக்கிறதே என்று கவனித்தார். கணிதவியலாளர்கள் வரைபடத்தின் உருவத்தை விட்டுவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மாவட்டமும் ஒரு புள்ளி. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மாவட்டங்களை இணைக்க ஒரு கோடு. இந்தப் புள்ளி-கோட்டு அமைப்புக்குக் கோட்டுரு என்று பெயர். புள்ளிகள் முனைகள், கோடுகள் விளிம்புகள். விளிம்பால் இணைந்த இரு முனைகளுக்கு ஒரே நிறம் வராதபடி நிறமிட வேண்டும்.

சுடோகுவின் கோட்டுருவும் இதே மாதிரிதான். 81 அறைகளும் 81 முனைகள். ஓர் அறையோடு மோதக்கூடிய அறைகள் எத்தனை? அதே கிடைவரிசையில் 8, அதே நெடுவரிசையில் 8, பெட்டியில் இவை இரண்டிலும் சேராத 4. ஆக ஒவ்வொரு முனைக்கும் 20 அண்டை முனைகள். மொத்த விளிம்புகள் 810. இதற்கு ஒன்பது நிறங்களில் நிறமிட்டால் அது ஒரு நிறைந்த சுடோகு.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெற்றுக் கட்டத்துக்கு நிறமிடுவது மிக எளிது. முதல் வரிசையில் 1 முதல் 9 வரை வரிசையாக எழுதுங்கள். இரண்டாம் வரிசையை 4இல் தொடங்கிச் சுற்றி எழுதுங்கள், மூன்றாவதை 7இல். அடுத்த மூன்று வரிசைகள் 2, 5, 8 ஆகியவற்றில் தொடங்கட்டும். கடைசி மூன்றும் 3, 6, 9இல். எங்கும் மோதாது. 2005இல் பெர்ட்ராம் ஃபெல்கன்ஹாவரும் ஃபிரேசர் ஜார்விஸும் எண்ணிப் பார்த்ததில், இப்படி நிறையக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கை 22 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணாக வந்தது. வழி அத்தனை இருக்கும்போது ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிப்பதில் என்ன சிரமம்?

சிரமம் முழுவதும் பத்திரிகைக்காரர் அச்சிட்டுத் தரும் எண்களிலிருந்து வருகிறது. அவை ஏற்கெனவே நிறமிடப்பட்ட முனைகள். அவற்றைத் தொடக்கூடாது. அந்த நிறங்களைக் கெடுக்காமல் மீதியை நிரப்ப வேண்டும். கோட்டுருவியலில் இதை முன்நிறமிடலின் நீட்டிப்பு என்கிறார்கள். 16×16, 25×25 என்று கட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் இந்தச் சிக்கலுக்கு எப்போதும் விரைவாக விடைதரும் வழிமுறை எதுவும் இதுவரை தெரியவில்லை. என்பி-முழுமை என்ற கடினமான வகுப்பில் அது அடங்குகிறது என்று ஜப்பானின் யாதோ, செதா இருவரும் 2003இல் காட்டினார்கள். 9×9 கட்டம் அளவில் சிறியது என்பதால் நாம் தப்பித்தோம்.

கையில் ஓர் உதாரணம் இருந்தால் நல்லது. சுடோகு பற்றிய அறிமுகக் கட்டுரைகளில் அடிக்கடி தென்படும் புதிர் இது. புள்ளி வைத்த இடங்கள் வெற்று அறைகள்.

```
5 3 . | . 7 . | . . .
6 . . | 1 9 5 | . . .
. 9 8 | . . . | . 6 .
------+-------+------
8 . . | . 6 . | . . 3
4 . . | 8 . 3 | . . 1
7 . . | . 2 . | . . 6
------+-------+------
. 6 . | . . . | 2 8 .
. . . | 4 1 9 | . . 5
. . . | . 8 . | . 7 9
```

முன்நிறமிட்ட முனைகள் 30, நிரப்ப வேண்டியவை 51. இதைக் கணினியிடம் மிக எளிய முறையில் கொடுப்போம். மேல் இடது மூலையில் தொடங்கு. வெற்று அறை வந்தால் 1 முதல் மேலே போய், மோதாத முதல் எண்ணைப் போடு. எதுவும் பொருந்தாவிட்டால் முந்தைய அறைக்குப் பின்வாங்கி, அங்கே போட்டதை அழித்து, அடுத்த எண்ணை முயன்று பார். பேக்டிராக்கிங் என்பது இவ்வளவுதான்.

முதல் வரிசையின் மூன்றாம் அறையில் 1 பொருந்துகிறது. நான்காம் அறையில் 1 போக முடியாது, 2 போகிறது. ஆறாம் அறையில் 4. ஏழாம் அறையில் 8. எட்டாம் அறையில் 9. இப்போது வரிசையில் மிச்சம் இருப்பது 6 மட்டுமே, அறையும் ஒன்பதாவது ஒன்றுதான். ஆனால் அந்த நெடுவரிசையில் ஏற்கெனவே ஒரு 6 இருக்கிறது, பெட்டியிலும் இருக்கிறது. முட்டுச்சந்து.

கணினி பின்வாங்குகிறது. எட்டாம் அறையில் 9ஐத் தவிர வேறு வழியில்லை. ஏழாம் அறைக்குப் போய் 8ஐ அழித்து 9ஐப் போடுகிறது. இப்போது எட்டாம் அறைக்கு மிஞ்சுவது 6, 8 இரண்டும்தான், அவ்விரண்டும் அதே நெடுவரிசையில் இருக்கின்றன. மறுபடி முட்டுச்சந்து. ஆறாம் அறைவரை பின்வாங்கி 4க்குப் பதில் 6ஐ வைத்தபின் வரிசை நிறைகிறது: 5 3 1 2 7 6 4 9 8. கணினி உற்சாகமாக இரண்டாம் வரிசைக்கு இறங்குகிறது.

இந்த வரிசையில் அச்சிட்டு வந்த 5, 3, 7 ஆகியவற்றைத் தவிர ஒன்றுகூடச் சரியில்லை. உண்மையான விடை 5 3 4 6 7 8 9 1 2. மூன்றாம் அறையில் வைத்த 1 தவறு என்பது கணினிக்கு இப்போது தெரியாது. கீழே எங்கோ பல வரிசைகள் தாண்டி மோதி, ஒவ்வோர் அறையாகப் பின்வாங்கி, கீழ்க்கிளைகள் அனைத்தையும் தீர்த்துவிட்டுத்தான் அந்த மூன்றாம் அறைக்கு மீண்டும் வரும். எளிய பேக்டிராக்கிங்கின் பலவீனம் இதுதான். தவறு நடந்த இடமும் தவறு தெரியவரும் இடமும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருக்கின்றன.

முதல் முட்டுச்சந்தையே கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஒன்பதாம் அறைக்கு ஆரம்பத்தில் 2, 4, 8 என்ற மூன்று நிறங்கள் வாய்ப்பாக இருந்தன. கணினி 2ஐ நான்காம் அறைக்கும், 4ஐ ஆறாம் அறைக்கும், 8ஐ ஏழாம் அறைக்கும் எடுத்துக்கொண்டது. ஏழாம் அறையில் 8 விழுந்த அந்தக் கணமே ஒன்பதாம் அறை செத்துவிட்டது. அதைக் கவனிக்காமல் எட்டாம் அறைக்குப் போய் 9ஐப் போட்டுவிட்டு, நேரில் போய் முட்டியபிறகுதான் கணினிக்கு உறைத்தது.

அப்படியானால் வரிசைப்படி நடப்பதை விட்டுவிட்டு, எந்த முனை அதிகமாக நெருக்கப்பட்டிருக்கிறதோ அங்கே முதலில் போனால் என்ன? 1979இல் சுவிட்சர்லாந்தின் கணிதவியலாளர் டேனியல் பிரெலாஸ் கோட்டுரு நிறமிடலுக்கு இதையே ஒரு வழிமுறையாக வெளியிட்டார். டிசாட்டர் என்பது அதன் பெயர். ஒரு முனையின் அண்டை முனைகளில் எத்தனை வெவ்வேறு நிறங்கள் விழுந்திருக்கின்றன என்று எண்ண வேண்டும். அதுதான் அந்த முனையின் செறிவு. செறிவு மிகுந்த முனைக்கு முதலில் நிறமிட வேண்டும். அதே 1979இல் பிரெலாஸ் பசுமை அரசியலின் சார்பில் சுவிஸ் நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார், பின்னாளில் லொசான் நகரின் மேயராகவும் இருந்தார். லீ சியன் லூங் சொன்ன 'கிளைகள் குறைவாகப் பிரியும் அறை' என்பதும் இதே எண்ணம்தான். அண்டை நிறங்கள் அதிகமென்றால் மிச்சமுள்ள வாய்ப்பு குறைவு, கிளைகளும் குறைவு. அரசியல்வாதிகள் இருவர் ஒரே உத்தியில் வந்து நிற்பது தற்செயல்தான் என்றாலும் ரசிக்கத்தக்கது.

நம் புதிரில் செறிவு மிகுந்த முனைகளில் ஒன்று கட்டத்தின் நட்டநடு அறை. அதன் கிடைவரிசையில் 4, 8, 3, 1. நெடுவரிசையில் 7, 9, 6, 2, 1, 8. திரும்பத் திரும்ப வரும் 1, 8 இரண்டையும் ஒருமுறை மட்டும் எண்ணினால் வெவ்வேறு நிறங்கள் எட்டு. செறிவு 8 என்றால் மிச்சம் ஒரே நிறம், 5. இதில் ஊகம் எதுவும் இல்லை, வேறு வழியே இல்லை என்பதால் வைக்கிறோம்.

5 விழுந்ததும் அதன் 20 அண்டை முனைகளில் காலியாக உள்ளவற்றின் செறிவு மாறுகிறது. அதே நெடுவரிசையில் ஏழாம் வரிசை அறைக்கு அதுவரை 3, 5 என்று இரண்டு வாய்ப்புகள். 5 போய்விட்டதால் இப்போது 3 மட்டும். அந்த 3 விழுந்ததும் மேலே மூன்றாம் வரிசை அறைக்கு 3, 4 என்று இருந்ததில் 4 மட்டும் மிஞ்சுகிறது. நடு நெடுவரிசை நிறைந்துவிட்டது. இப்படியே ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, 51 அறைகளும் ஒரு ஊகமும் இல்லாமல், ஒருமுறைகூடப் பின்வாங்காமல் நிறைந்துவிடும். பென்சிலோடு உட்கார்ந்தால் வாசகரே சரிபார்த்துக்கொள்ளலாம். எளிய முறைக்கு முதல் வரிசையைத் தாண்டும் முன்னரே மூன்று அறைகள்வரை பின்வாங்க நேர்ந்தது இதே புதிரில்தான்.

எல்லாப் புதிரும் இவ்வளவு இணக்கமாக இருக்காது. கடினமான புதிரில் ஒரு கட்டத்துக்கு மேல் செறிவு 8 உள்ள முனை கிடைக்காது. அப்போது 7 உள்ள முனையை எடுத்து, இரண்டு வாய்ப்புகளில் ஒன்றை ஊகித்துத்தான் ஆக வேண்டும். ஊகம் தவறென்றால் ஏதோ ஒரு முனையின் செறிவு 9 ஆகும், அதாவது அதற்கு நிறமே மிஞ்சாது. அந்த நொடியே பின்வாங்கலாம். பேக்டிராக்கிங் அப்போதும் தேவைப்படுகிறது, ஆனால் கிளைகள் இரண்டிரண்டாகவே பிரிகின்றன, பட்ட கிளை சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

எளிய முறையைத் திணறடிக்கவென்றே உருவாக்கிய புதிர்களும் உண்டு. புகழ்பெற்ற ஒன்றில் 17 எண்களே கொடுத்திருக்கும், முதல் வரிசை முழுக்க வெற்று. அதன் விடையில் முதல் வரிசை 9 8 7 6 5 4 3 2 1. 1இல் தொடங்கி மேலே போகும் நிரலுக்கு இதைவிடக் கொடுமை வேண்டாம். முதல் அறையில் 9 வருவதற்குள் மற்ற எண்களின் கீழுள்ள கிளைகள் அத்தனையையும் தேய்த்து முடிக்க வேண்டும். 9இலிருந்து இறங்கும்படி நிரலை மாற்றினால் இந்தப் புதிர் எளிதாகிவிடும், அதற்கு எதிராக வேறொரு புதிரை யாராவது கட்டிவிடுவார்கள். செறிவு பார்த்து நடக்கும் நிரலை இந்தத் தந்திரத்தால் ஏமாற்ற முடியாது, ஏனெனில் அது முதல் வரிசையில் தொடங்கப் போவதே இல்லை.

இதுவரை விடுவிப்பவரின் பக்கம். புதிர் தயாரிப்பவருக்கு வேறொரு கவலை இருக்கிறது. விடை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். எத்தனை முனைகளுக்கு, எந்தெந்த முனைகளுக்கு முன்கூட்டியே நிறமிட்டால் மீதி ஒரே வழியில் நிறையும்?

இங்கே லண்டன் வழக்கறிஞர் ஆல்ஃபிரட் கெம்ப் உதவிக்கு வருகிறார். நான்கு நிறக் கணிப்பை நிறுவிவிட்டதாக 1879இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1890இல் பெர்சி ஹீவுட் அதில் ஓட்டை இருப்பதைக் காட்டினார். நிறுவல் போனாலும் அதில் கெம்ப் பயன்படுத்திய கருவி நிலைத்துவிட்டது. ஏதாவது இரண்டு நிறங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரு நிற முனைகளை மட்டும் வைத்து, விளிம்புகளின் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருங்கள். போய்ச் சேரும் முனைகள் அனைத்தும் ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலிக்குள் இரு நிறங்களையும் இடம் மாற்றிப் போட்டாலும் எங்கும் மோதாது.

நம் புதிரின் விடையிலேயே மிகச் சிறிய சங்கிலி ஒன்று இருக்கிறது. நான்காம் வரிசையின் ஆறாம் அறையில் 1, ஒன்பதாம் அறையில் 3. அதற்கு நேர் கீழே ஐந்தாம் வரிசையில் ஆறாம் அறையில் 3, ஒன்பதாம் அறையில் 1. நான்கு அறைகள் கொண்ட செவ்வகம். 1களை 3களாகவும் 3களை 1களாகவும் மாற்றிப் பாருங்கள். இரண்டு கிடைவரிசைகளிலும், இரண்டு நெடுவரிசைகளிலும், இரண்டு பெட்டிகளிலும் ஒரு 1, ஒரு 3 என்ற கணக்கு குலையவே இல்லை. ஆகவே இந்த நான்கில் ஒன்றையாவது புதிரில் அச்சிட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு விடைகள். நம் புதிரில் மூன்று அறைகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த மூன்றையும் அழித்துவிட்டால் மீதி 27 எண்கள் இருந்தும் புதிர் கெட்டுவிடும்.

பெரிய அளவில் இதே வாதம் இன்னொன்றையும் சொல்கிறது. புதிரில் 8, 9 என்ற இரு இலக்கங்களும் எங்குமே அச்சிடப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். விடையில் உள்ள 8கள் எல்லாவற்றையும் 9களாகவும், 9களை 8களாகவும் மாற்றினால் இரண்டாவது விடை தயார். எனவே ஒழுங்கான சுடோகுவில் குறைந்தது எட்டு வெவ்வேறு இலக்கங்கள் தென்பட வேண்டும். ஆக்னஸ் ஹெர்ஸ்பெர்கும், ஆந்திரத்தின் குண்டூரில் பிறந்த கனடியக் கணிதவியலாளர் ராம் மூர்த்தியும் 2007இல் எழுதிய கட்டுரையில் இதைக் கோட்டுரு நிறமிடலின் பொதுவான தேற்றமாகவே நிறுவினார்கள்.

நிரல் எழுதுபவர்கள் சறுக்கும் இடமும் இதை ஒட்டியதுதான். முதல் விடை கிடைத்தவுடன் நிரல் நின்றுவிட்டால், அந்தப் புதிருக்கு வேறு விடை உண்டா என்பது தெரியவே வராது. விடை கிடைத்தபின்னும், அதை முட்டுச்சந்தாகவே பாவித்துப் பின்வாங்கித் தேடலைத் தொடர வேண்டும். லீயின் நிரல் விடைகள் பல இருந்தால் அத்தனையையும் அச்சிடும். இன்னொரு சறுக்கல், அச்சிட்டு வந்த எண்களே ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று முதலில் பார்க்காமல் விடுவது. ஒரே வரிசையில் தவறுதலாக இரண்டு 5களைத் தட்டச்சு செய்துவிட்டால், சில நிரல்கள் இல்லாத விடையைத் தேடி நெடுநேரம் அலையும்.

செவ்வகம் போன்ற இந்த மாற்றத்தகு கூட்டங்களைக் கொண்டே சுடோகுவின் பழைய கேள்வி ஒன்றுக்கும் விடை கிடைத்தது. ஒரே விடையுள்ள புதிருக்குக் குறைந்தது எத்தனை எண்கள் தேவை? மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் கார்டன் ராயல் 17 எண்கள் கொண்ட புதிர்களைச் சுமார் 49,000 வரை சேர்த்து வைத்திருந்தார். 16இல் ஒன்றுகூட அகப்படவில்லை. ஆனால் அகப்படாததால் மட்டும் இல்லையென்று ஆகிவிடாது.

டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்வயரும் அவருடைய குழுவினரும் முழுத் தேடலில் இறங்கினார்கள். திருப்பிப்போட்டும் எண்களை மாற்றிப்போட்டும் ஒன்றையொன்று பெறக்கூடியவற்றை ஒன்றாகக் கணக்கிட்டால், நிறைந்த கட்டங்கள் 547 கோடி தேறும். அந்த ஒவ்வொன்றிலும் மாற்றத்தகு கூட்டங்களை முதலில் திரட்டிக்கொண்டார்கள். 16 எண்கள் போதுமென்றால், அந்த 16 அறைகளும் சேர்ந்து ஒவ்வொரு கூட்டத்திலும் ஓர் அறையையாவது தொட்டாக வேண்டும். அப்படித் தொடும் 16 அறைகளைத் தேடுவதுதான் வேலை. அந்தத் தேடலும் ஒருவகைப் பேக்டிராக்கிங்கே. கணினிக் கோர்களின் நேரத்தைக் கூட்டினால் சுமார் 71 லட்சம் மணி ஆனது. ஒரே ஒரு கோரை நம்பியிருந்தால் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இழுத்திருக்கும். 2012 ஜனவரி 1 அன்று முடிவை அறிவித்தார்கள்: 16 எண்களில் ஒரே விடையுள்ள சுடோகு கிடையாது. ராயலின் தொகுப்பில் ஒரே கட்டத்திலிருந்து மட்டும் 29 வெவ்வேறு 17-எண் புதிர்கள் பிறந்திருந்தன, 16 கிடைப்பதென்றால் அங்கேதான் கிடைக்கும் என்று ஆர்வலர்கள் பலர் எதிர்பார்த்திருந்தார்கள். அந்தக் கட்டத்திலும் கிடைக்கவில்லை.